வலிக்காத பாதத்தை எப்படிக் கவனிப்பது: சர்க்கரை நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் ஒரு பாதக் குறிப்பு

காரைக்குடி, தேவகோட்டை சுற்றுவட்டாரத்திலிருந்து சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்க வருகிறவர்களின் கால் புண்ணுக்குக் கட்டுப் போடும் செவிலியராக நான் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். தினமும் பாதத்தைப் பாருங்கள் என்று சொல்லும்போது, பெரும்பாலோர் மரியாதையோடு திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வலி ஒன்றும் இல்லையே, பிறகு எதற்காகப் பார்க்க வேண்டும்?" இந்தக் குறிப்பு முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான். வலி இருக்கிற கால் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். வலி போய்விட்ட காலுக்குத்தான் கண்ணும் கையும் தேவைப்படுகின்றன.

வலி ஏன் போகிறது

நம் உடம்பிலேயே மிக நீளமான நரம்புகள் இடுப்புக்குப் பின்னாலிருந்து புறப்பட்டுக் கால்விரல் நுனி வரை ஓடுகின்றன. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடுதலாக இருக்கும்போது நரம்புகளும், அவற்றுக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்ணிய குழாய்களும் சேர்ந்தே பழுதாகின்றன. நீளமான நரம்பு முதலில் பழுதாகும். அதனால்தான் மதமதப்பு விரல் நுனியில் தொடங்கி, உள்ளங்காலுக்குப் பரவி, காலுறை ஏறுவதுபோல மெல்லக் கணுக்காலை நோக்கி ஏறுகிறது. பொதுவாக இரண்டு காலிலும் ஒரே அளவில் ஏறுவதால், ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு வேறுபாட்டை உணரவும் வழியில்லை.

தொடக்கத்தில் பலருக்கு எரிச்சல் இருக்கும். இரவில் எறும்பு ஊர்வது போலவும், பஞ்சின் மேல் நடப்பது போலவும் இருக்கும். சில ஆண்டுகளில் அந்த எரிச்சல் குறையும்போது நோய் குறைந்துவிட்டது என்று மகிழ்ந்து, "இப்போது காலில் ஒரு தொந்தரவும் இல்லை" என்று சொல்கிறவர்கள் உண்டு. எரிச்சல் மருந்தாலும் சர்க்கரைக் கட்டுப்பாட்டாலும் குறைந்திருக்கலாம். எரிச்சலைச் சொல்லும் நரம்பே செயலிழந்ததாலும் குறைந்திருக்கலாம். எது என்பதைத் தொட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும். அதற்கான எளிய முறையைப் பின்னால் சொல்கிறேன்.

உணர்ச்சியைத் தரும் நரம்பு மட்டும் பழுதாவதில்லை. வியர்வையைச் சுரக்கச் செய்யும் நரம்பும் பழுதாவதால் பாதத்தின் தோல் வறண்டு, குதிகாலில் பித்தவெடிப்பு ஆழமாகிறது. பாதத்தின் சிறிய தசைகளை இயக்கும் நரம்பு தளர்வதால் விரல்கள் கொக்கி போல வளைந்து, விரலடி மேட்டில் பாரம் கூடி, அங்கே தோல் தடிக்கிறது. வெடிப்பு கிருமிக்கு வாசலாகிறது. தடிப்பு, உள்ளே புண்ணை மறைக்கும் மூடியாகிறது.

இந்த அறிவு நமக்கு வந்த வழியில் வேலூருக்கும் பங்கு உண்டு. 1940களின் பிற்பகுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்த டாக்டர் பால் பிராண்ட், அவர்களின் விரல்களும் பாதங்களும் சிதைவதற்குக் காரணம் நோய்க் கிருமி சதையைத் தின்பதல்ல, வலி தெரியாமல் திரும்பத் திரும்பக் காயப்படுவதே என்று எடுத்துக்காட்டினார். அதே உண்மை சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் பொருந்துகிறது. பாதத்தில் காயம்பட்டவுடன் வலி இருக்கிறவர் தன்னை அறியாமல் நொண்டுவார். அந்த நொண்டலே முதல் மருத்துவம், ஏனென்றால் அது காயத்தின் மேல் பாரம் விழாமல் தடுக்கிறது. வலி இல்லாதவர் நொண்டுவதில்லை. காயத்தின் மேலேயே நாள் முழுவதும் நடக்கிறார்.

ஒரு முள்ளின் கதை

அடையாளம் எதையும் சொல்லாமல், நான் நேரில் பார்த்த ஒருவரின் காலைப் பற்றிச் சொல்கிறேன். அறுபதைக் கடந்த ஓர் ஆச்சி. சர்க்கரை நோய் வந்து 14 ஆண்டுகள். ஒரு வெள்ளிக்கிழமை காலை பூப்பறிக்க ஊருணிக் கரைக்குப் போனார். காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. கரையில் வெட்டிப் போட்டிருந்த சீமைக்கருவேலக் கிளையின் முள் ஒன்று செருப்பின் அடிப்பாகத்தைத் துளைத்து, சுண்டுவிரலுக்குக் கீழே விரலடி மேட்டில் ஏறியது. அவருக்கு அது தெரியவே இல்லை. முள்ளின் நுனி முறிந்து தோலுக்குள் தங்கியது. மீதி செருப்புக்குள் நின்றது. அன்றும் மறுநாளும் அதே செருப்பைப் போட்டுக்கொண்டுதான் கொல்லைக்கும் கடைக்கும் போய்வந்தார்.

ஞாயிறு மாலை அவருடைய பேரன்தான் முதலில் பார்த்தான். வளவில் பதித்திருந்த வெளிர்நிற ஆத்தங்குடிக் கல்லில், ஓர் எட்டுக்கு ஒன்றாக, பழுப்பு நிறத்தில் ஈரப் பொட்டுகள் வரிசையாக இருந்தன. "அப்பத்தா, உங்க கால்ல ஏதோ ஒட்டியிருக்கு" என்றான். அவர் காலைத் தூக்கிப் பார்த்தபோது கடுகளவு துவாரம் ஒன்று தெரிந்தது. மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து வைத்து, துணியைச் சுற்றிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை செருப்பின் வார் இறுக்கமாக இருப்பதாகத் தோன்றியது. வழக்கமாக வெறும் வயிற்றில் 140 அளவில் இருக்கும் சர்க்கரை, அன்று வீட்டுக் கருவியில் 312 காட்டியது. முதல் நாள் கல்யாண வீட்டில் சாப்பிட்டதால் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

புதன்கிழமை எங்களிடம் வந்தபோது அந்தப் பாதத்தின் வெளிப்புறம் கறுத்துப் பளபளத்தது. மறு பாதத்தைவிடச் சூடாக இருந்தது. துவாரத்தைச் சுற்றி லேசாக அழுத்தியதும் இரண்டு சொட்டுச் சீழ் வந்தது. தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. எக்ஸ்ரேயில் முள் தெரியவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இரும்பு ஆணியும் கண்ணாடித் துண்டும் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியும், மரமும் முள்ளும் பெரும்பாலும் தெரியாது. ஸ்கேன் செய்தபோதுதான் அரை சென்டிமீட்டர் முறிமுள் உள்ளே இருப்பது தெரிந்தது. மருத்துவர் கீறி எடுத்தார். கிருமிக்கொல்லி மருந்து, டெட்டனஸ் ஊசி, புண் இருந்த இடத்தில் பாரம் விழாதபடி செய்த செருப்பு, தேவையில்லாமல் நடக்கக் கூடாது என்ற கண்டிப்பு எல்லாம் சேர்ந்து ஏழாவது வாரம் புண் மூடியது. அவர் கழற்றி வைத்திருந்த செருப்பை நான் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தேன். முள்ளின் அடித்துண்டு, மேற்பரப்போடு சமமாகத் தேய்ந்து, இன்னும் அதற்குள்ளேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை இரவே யாராவது அந்தப் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்திருந்தால், புதிதாகக் குத்திய ஒரு புள்ளியும், அதைச் சுற்றிச் சிறிது இரத்தக் கறையும் தெரிந்திருக்கும். மறுநாளே முள்ளை எடுத்திருக்கலாம். ஏழு வாரம், ஒரு வாரமாகக் குறைந்திருக்கலாம்.

தினமும் பார்க்கும் முறை

இரவுச் சாப்பாட்டுக்கு முன்போ, படுக்கப் போகும் முன்போ, ஒரே நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் பார்ப்பதன் பயன், அன்றைய நாளின் காயம் அன்றைக்கே தெரிந்துவிடும் என்பதுதான். கால்களைக் கழுவித் துடைத்த பிறகு, நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். நம் பக்கத்து வீடுகளில் முகப்பும் வளவும் பகலில் நல்ல வெளிச்சமாக இருக்கும். ஆனால் உள்ளறைகள் பகலிலேயே இருட்டாக இருப்பவை; இரவில் விளக்குக்கு அருகிலேயே உட்காருங்கள். கண் பார்வை மங்கியவர்களும், குனிய முடியாதவர்களும், தன் பாதத்தின் அடியைப் பார்க்க எட்டாதவர்களும் இந்த வேலையை வீட்டில் இன்னொருவரிடம் ஒப்படைப்பதுதான் நல்லது. சர்க்கரை நோய் கண்ணின் விழித்திரையையும் பாதிக்கக்கூடியது என்பதால், பாதத்தில் புண் இருப்பவருக்கு அதைப் பார்க்கும் பார்வை இல்லாமல் போவது அரிதல்ல. தனியாக இருப்பவர்கள் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து அதன் மேல் காலை நீட்டிப் பார்க்கலாம். கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது அதைவிடத் தெளிவாக இருக்கும், முந்தைய நாளின் படத்தோடு ஒப்பிடவும் உதவும்.

விரல் நுனியிலிருந்து தொடங்குங்கள். நகத்தின் ஓரம் சதைக்குள் இறங்கியிருக்கிறதா, நகச்சுற்று வந்து வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஒவ்வொரு விரல் இடுக்கையும் விரித்துப் பாருங்கள். வெள்ளையாக ஊறிக் கொழகொழப்பாக இருந்தால் அது சேற்றுப்புண். அரிப்பு இல்லாவிட்டாலும் அதன் வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போகும். பெண்கள் மெட்டியைக் கட்டாயம் நகர்த்திப் பார்க்க வேண்டும். வீங்கிய விரலில் மெட்டி அழுந்திப் புண்ணாகி, அதை மெட்டியே மறைத்திருந்ததை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். கழற்ற முடியாத அளவு இறுகியிருந்தால் இழுக்காமல் மருத்துவமனையில் வெட்டி எடுக்கச் சொல்லுங்கள்.

பிறகு விரலடி மேடு, உள்ளங்காலின் நடுக்குழி, வெளி ஓரம், குதிகால் என்று வரிசையாக உள்ளங்கையால் தடவுங்கள். கண் தவறவிட்டதைக் கை கண்டுபிடிக்கும். கல், முள், காய்ந்த இரத்தம் எல்லாம் கைக்குத் தட்டுப்படும். தடிப்பு எங்கே இருக்கிறதோ அங்கே சற்று நில்லுங்கள். தடிப்பின் நடுவில் கருநீலமாகவோ கறுப்பாகவோ ஒரு புள்ளி தெரிந்தால், அதன் அடியில் இரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். மேலே தோல் முழுதாக இருந்தாலும் உள்ளே புண் தொடங்கிவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

கடைசியாகப் புறங்கையால் இரண்டு பாதங்களின் சூட்டையும் ஒப்பிடுங்கள். ஒரே இடத்தை ஒரே இடத்தோடு: வலது விரலடி மேட்டை இடது விரலடி மேட்டோடு, வலது கணுக்காலை இடது கணுக்காலோடு. ஒரு பாதம் மற்றதைவிடத் தெளிவாகச் சூடாக இருப்பது, தோலில் ஒன்றும் தெரியாத நிலையிலேயே வரும் அறிகுறி. அது ஒரு நாளோடு மறையாமல் மறுநாளும் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீங்கியும் சிவந்தும் இருந்தால் அன்றே காட்ட வேண்டும்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். புத்தகங்களில் "சிவந்திருந்தால்" என்று எழுதியிருக்கும். நம் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு சிவப்பாகத் தெரிவதில்லை; அது கருஞ்சிவப்பாகவோ, வழக்கத்தைவிடக் கறுத்தோ, எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தோ தெரியும். மஞ்சள் பூசிய பாதத்திலும் மருதாணி இட்ட பாதத்திலும் அதுகூடத் தெரியாது. எனவே மஞ்சளோ மருதாணியோ இட்டிருக்கும் நாள்களில் நிறத்தை நம்பாமல், சூட்டையும் வீக்கத்தையும் நம்புங்கள். உள்ளங்காலில் மருதாணி இடாமல் இருப்பது இன்னும் நல்லது.

உணர்ச்சி இருக்கிறதா என்று வீட்டிலேயே அறிவது

மருத்துவர்கள் நைலான் இழை ஒன்றை வைத்துப் பாதத்தில் அழுத்திப் பார்ப்பார்கள். அந்த இழை 10 கிராம் விசையில் வளையும்படி செய்யப்பட்டது. அந்த அளவு அழுத்தத்தையும் உணராத பாதத்துக்குப் புண் வரும் ஆபத்து அதிகம். வீட்டில் அந்த இழை இல்லாமலேயே செய்யக்கூடிய தொடு சோதனை ஒன்று உண்டு. நோயாளியைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். வலதா இடதா என்று மட்டும் அவர் சொன்னால் போதும். ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய மூன்றின் நுனியையும் உங்கள் ஆள்காட்டி விரலால் ஓரிரு விநாடி மென்மையாகத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, வருடக் கூடாது. பதில் வரவில்லை என்பதற்காக இரண்டாம் முறை தொடவும் கூடாது. ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், அந்தப் பாதங்களில் காயத்திலிருந்து காக்கும் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு மிகுதி. அந்த முடிவை மருத்துவரிடம் சொல்லி, முறையான சோதனையைக் கேளுங்கள்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. ஆறும் தெரிந்துவிட்டால் எல்லாம் சரி என்று ஆகாது. இரத்த ஓட்டம் குறைந்திருக்கிறதா என்பதைத் தொடுதல் சொல்லாது. கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்காலில் பிடிப்பு வந்து, நின்றால் குறைந்து, மறுபடி நடந்தால் மறுபடி வருவது இரத்தக்குழாய் அடைப்பின் அறிகுறி. பாதம் குளிர்ந்திருப்பதும், காலை உயர்த்தினால் வெளிறிப்போவதும் அப்படித்தான். இரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கு உணர்ச்சி நன்றாக இருந்தாலும் ஆறாத புண் வரக்கூடும். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கு இது கூடுதல்.

வெறுங்கால், கோயில், வெயில்

வீட்டுக்குள் செருப்புப் போடுவது நம் வழக்கம் அல்ல; ஆத்தங்குடிக் கல்லின் குளுமையில் வெறுங்காலோடு நடப்பதை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது. ஆனாலும் காக்கும் உணர்ச்சி குறைந்தவர்கள் வீட்டுக்குள்ளும் செருப்பு அணியத்தான் வேண்டும். வீட்டுக்கென்றே ஒரு சோடி வைத்துக்கொண்டு அதை வெளியே போடாமல் இருந்தால், பூசையறையைத் தவிர மற்ற இடங்களில் அதைப் போடுவதை வீட்டாரும் ஏற்றுக்கொள்வார்கள். நான் பார்த்த பல வீடுகளில் அப்படித்தான் வழக்கம் மாறியது.

கோயிலுக்குப் போகாதீர்கள் என்று நான் யாரையும் சொல்வதில்லை. பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் போகாமல் இருக்க முடியாதவர்களிடம் அப்படிச் சொன்னால், அடுத்த முறை சொல்லாமலே போய்விட்டு வருவார்கள். சொல்வது இதுதான்: காலைப் பூசைக்குப் போங்கள்; வெயில் ஏறும் முன் பிரகாரத்தைச் சுற்றிவிடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் நண்பகல் கருங்கல் தரையில் ஒரு சுற்றுச் சுற்றினாலே கொப்புளம் வந்துவிடும். உணர்ச்சி இருப்பவர் துள்ளிக்கொண்டு நிழலுக்கு ஓடுவார். உணர்ச்சி இல்லாதவர் நிதானமாகச் சுற்றிவிட்டு வந்து, இரவில் தோல் உரிந்திருப்பதைப் பார்ப்பார். தேங்காய்நார் விரிப்புப் போட்டிருந்தால் அதன் மேலேயே நடங்கள். கோயிலில் தடையில்லை என்றால் தடித்த பருத்திக் காலுறை அணிந்துகொள்ளுங்கள். வெள்ளைக் காலுறையாக இருந்தால் இரத்தமோ நீரோ கசிந்தால் உடனே கறை தெரியும். வீடு திரும்பியதும் பாதத்தைப் பார்ப்பது அன்றைக்குக் கூடுதலான ஒரு முறை.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் பாதயாத்திரை இன்னொரு தரத்தது. பல நாள் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடப்பது, உணர்ச்சி இழந்த பாதத்துக்கும் ஏற்கெனவே புண் வந்து ஆறிய பாதத்துக்கும் தாங்கக்கூடியதல்ல. இதை மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அத்தகையவர்கள் நடைப்பயணத்தில் நடக்கக் கூடாது. அன்னதானத்திலும் வண்டிப் பொறுப்பிலும் சேர்ந்துகொண்டு அதே பயணத்தில் இருப்பவர்களை எனக்குத் தெரியும். உணர்ச்சியும் இரத்த ஓட்டமும் நன்றாக இருக்கிறவர் போவதானால், தைக்கு முன்பே மருத்துவரிடம் பாதத்தைக் காட்டி, ஒவ்வொரு தங்குமிடத்திலும் உடன் வருபவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

செருப்பைப் பற்றி இரண்டு செய்திகள் மட்டும். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே வார் போகும் செருப்பு வேண்டாம்; கழன்று போகாமலிருக்க விரல்கள் அதை இறுகப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும், வாரும் இடுக்கைத் தேய்க்கும். பின்புறம் வார் உள்ள, விரல்களுக்கு அகலமான, உள்நீளம் பாதத்தைவிட ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் கூடுதலான செருப்பு வேண்டும். நம் ஊர் மருத்துவமனைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று சொல்லும் மெத்தென்ற உள்ளடி கொண்டவை இதற்கென்றே செய்யப்படுகின்றன. மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும்போது வாங்குங்கள். இரண்டாவது செய்தி, ஒவ்வொரு முறை அணியும் முன்பும் செருப்பைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவி, அடிப்பாகத்தையும் பார்ப்பது. ஆச்சியின் கதையில் இந்த ஒன்று நடந்திருந்தால் போதும்.

கழுவுவதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. எரிச்சலுக்கு இதமாக இருக்கும் என்று வெந்நீரில் காலை வைப்பதும், செங்கல்லைச் சூடாக்கித் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுப்பதும் தோலைச் சுட்டுவிடும், சுட்டது தெரியாது. வெதுவெதுப்பான நீர் போதும், அதன் சூட்டையும் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். கழுவிய பிறகு விரல் இடுக்குகளை ஒற்றித் துடைத்து, வறண்ட தோலுக்குத் தேங்காயெண்ணெயோ களிம்போ தடவலாம். இடுக்குகளில் தடவ வேண்டாம், ஈரம் தங்கிச் சேற்றுப்புண் வரும். நகத்தை நேராக வெட்டுங்கள். தடிப்பையும் கால் ஆணியையும் பிளேடால் சீவுவதும், கடையில் விற்கும் கால் ஆணி பிளாஸ்திரி ஒட்டுவதும் ஆபத்து. அந்தப் பிளாஸ்திரியில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும்.

காயம் தெரிந்தால் அன்றே செய்ய வேண்டியது

சுத்தமான ஓடும் நீரில் கழுவி, சுத்தமான மருத்துவத் துணியால் மூடி, அந்தக் காலில் நடப்பதைக் குறைத்துக்கொண்டு, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். மஞ்சள், காப்பித்தூள், சாம்பல், பற்பசை, பச்சிலை எதையும் வைக்காதீர்கள். மஞ்சளின் குணத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் காயத்தின் மேல் அப்பிய எதுவானாலும் அடியில் என்ன நடக்கிறது என்பதை மறைத்துவிடுகிறது, வீட்டுச் சமையல் பொடியில் கிருமியும் இருக்கலாம். முள், ஆணி, கண்ணாடி குத்தியிருந்தால் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காயத்தைச் சுற்றி நிறம் மாறியிருந்தால், அதன் எல்லையைப் பேனாவால் தோலிலேயே கோடு போட்டு, நேரத்தையும் எழுதிவையுங்கள். சில மணி நேரத்தில் நிறம் கோட்டைத் தாண்டியிருந்தால் கிருமி பரவுகிறது என்று பொருள். காயத்தின் விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டருக்கு மேல் பரவியிருந்தால் அது சாதாரணத் தொற்றைவிடக் கடுமையானது என்று மருத்துவர்கள் கொள்வார்கள்.

உடனே போக வேண்டிய நிலைகள்

காய்ச்சலும் குளிர்நடுக்கமும், பாதத்தில் துர்நாற்றம், ஒரு விரல் நீலமாகவோ கறுப்பாகவோ மாறுவது, புண்ணைச் சுற்றிய நிறம் வேகமாக ஏறுவது, தோலை அழுத்தும்போது நறநறவென்று ஒலிப்பது, நோயாளி மயங்கிப் பிதற்றுவது ஆகியவற்றில் எது வந்தாலும் இரவென்று பார்க்காமல் 108ஐ அழைத்து அறுவை மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவற்றில் சில மணி நேரமும் கணக்கில் வரும்.

அன்றைக்குள் காட்ட வேண்டியவை சில உண்டு. தோல் திறந்த எந்தப் புண்ணும், சீழும், காலுறையிலோ தரையிலோ காரணம் தெரியாத கறையும் இதில் சேரும். தடிப்பின் நடுவில் கரும்புள்ளி, தொடை இடுக்கில் நெறி, உணவும் மருந்தும் மாறாமலே சர்க்கரை திடீரென்று ஏறுவது ஆகியவையும் அப்படியே. இந்தக் கடைசியைப் பலர் சாப்பாட்டின் மேல் பழி போட்டுவிடுகிறார்கள். காரணம் தெரியாமல் சர்க்கரை ஏறினால் முதலில் பாதத்தைப் பாருங்கள் என்பதே என் வழக்கமான சொல். அதேபோல, நீண்ட காலமாக மதமதத்துக் கிடந்த பாதத்தில் புதிதாக வலி வந்தால் உணர்ச்சி திரும்பிவிட்டது என்று நினைக்காதீர்கள். பழுதான நரம்பையும் மீறி வலிக்கும் அளவுக்கு உள்ளே ஏதோ நடக்கிறது என்பதே அதன் பொருளாக இருக்கக்கூடும்.

தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று, புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாவது. வலி கொஞ்சமாகவோ இல்லாமலோ இருக்கும். சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து நீவிவிடுவார்கள். உணர்ச்சி இழந்த பாதத்தில் எலும்பும் மூட்டும் உடைந்து நொறுங்கும் சார்கோ பாதம் என்ற நிலை அப்படித்தான் தொடங்குகிறது. அதன் தொடக்கத்தில் எக்ஸ்ரே சில வேளை சரியாகவே இருக்கும். அதனால் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று கேட்டுவிட்டு நடக்கத் தொடங்காமல், சர்க்கரை நோயாளிக்கு இப்படி வந்திருக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லி, சார்கோவாக இருக்குமா என்று நேராகவே கேளுங்கள். பதில் தெளிவாகும் வரை அந்தக் காலை ஊன்றாமல் இருப்பதுதான் பாதத்தின் வடிவத்தைக் காக்கும் வழி. நீவுவதும் நடப்பதும் நடுக்குழியைக் கவிழ்த்துத் தொட்டில் அடிபோல ஆக்கிவிடும்.

மருத்துவரிடம் போகும்போது

சர்க்கரை நோய் உள்ள எல்லோரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது இரண்டு பாதங்களையும் முழுமையாகச் சோதித்துக்கொள்ள வேண்டும். உணர்ச்சியோ இரத்த ஓட்டமோ குறைந்திருந்தால் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் ஒரு முறை. அதோடு பாதத்தின் வடிவமும் மாறியிருந்தால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள். முன்பு புண் வந்தவர்களும் விரல் எடுக்கப்பட்டவர்களும் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் காட்ட வேண்டும். ஆறிய புண் அதே இடத்தில் மீண்டும் வருவது மிகச் சாதாரணம் என்பதால்தான் இவர்களுக்கு இத்தனை நெருக்கமான கணக்கு.

உள்ளே நுழைந்ததும், கேட்காவிட்டாலும், செருப்பையும் காலுறையையும் கழற்றிவிட்டு உட்காருங்கள். சர்க்கரை அளவைப் பார்த்துச் சீட்டு எழுதும் அவசரத்தில் பாதம் தவறிவிடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது; கழற்றிய கால் கண்ணில் பட்டால் யாரும் பார்க்காமல் விடமாட்டார்கள். புண் இருந்தால், அது வந்த நாளில் அணிந்திருந்த செருப்பைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், கழுவாமல்.